மேல்நிலைத் தொட்டிக்கும் போர்வெல் மோட்டாருக்கும் இடையே இரண்டு மிதவைகள்: தானியங்கிக் கட்டுப்பாட்டை அமைக்கும் முறை

தொட்டி காலியானால் மோட்டார் தானாக ஓட வேண்டும், நிரம்பினால் தானாக நிற்க வேண்டும் என்பதுதான் நம் தேவை. இதற்கு ஒரு மிதவை சுவிட்சை வாங்கித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மோட்டாருக்குப் போகும் மின்வயரை அதன் வழியாகவே கொண்டுசென்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் சில வாரங்கள் நன்றாகவே ஓடும். பிறகு மிதவைக்குள் இருக்கும் தொடுமுனைகள் கருகும், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டுரை அந்தக் குறுக்குவழியைத் தவிர்த்து, இரண்டு மிதவைகள், சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தன் தொடுமுனைகளை மூடும் ஒரு சிறிய ரிலே, அதேபோல் மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் ஒரு கான்டாக்டர் ஆகியவற்றைக் கொண்டு நீண்ட நாள் உழைக்கும் அமைப்பை உருவாக்குவதைப் படிப்படியாக விளக்குகிறது. உதாரணமாக, 1,000 லிட்டர் தொட்டியையும், ஒரு குதிரைத்திறன் கொண்ட, 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டாரையும் எடுத்துக்கொள்வோம்.

மிதவை செய்யும் வேலை

வயரோடு வரும் மிதவை சுவிட்ச் என்பது காற்று அடைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். நீர் உயர்ந்து பெட்டி மேல்நோக்கிச் சாயும்போது உள்ளிருக்கும் சுவிட்ச் ஒரு பக்கம் மாறும். நீர் இறங்கிப் பெட்டி கீழே தொங்கும்போது மறுபக்கம் மாறும். பெரும்பாலான மிதவைகளில் மூன்று வயர்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்று பொதுவானது; மற்றொன்று மிதவை தொங்கும்போது அதனுடன் இணைகிறது; மூன்றாவது மிதவை எழும்போது இணைகிறது. நிறங்களை நம்ப வேண்டாம், அவை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகின்றன. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, மிதவையைக் கையில் தொங்கவிட்டும் தலைகீழாகத் தூக்கியும் பார்த்தால் எந்த இரண்டு வயர்கள் எப்போது இணைகின்றன என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தொட்டியை நிரப்பும் வேலைக்கு, தொங்கும்போது இணைந்து எழும்போது பிரிகிற இரண்டு வயர்களே நமக்குத் தேவை. மூன்றாவது வயரின் முனையைத் தனியாகக் காப்பிட்டு ஒதுக்கிவிடலாம்.

மிதவையின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவைக் கவனித்துப் படிக்க வேண்டும். 16(4) என்று இருந்தால், ஹீட்டர் போன்ற சுமைக்கு 16 ஆம்பியர், மோட்டார் போன்ற சுமைக்கு அடைப்புக்குள் உள்ள 4 ஆம்பியர் என்று பொருள். நம் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே ஏறத்தாழ 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். புறப்படும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 16 என்ற பெரிய எண்ணை மட்டும் பார்த்து நேரடியாக இணைத்தவர்களின் மிதவைகள் கருகுவதற்குக் காரணம் இதுதான். இன்னொரு காரணம் அதைவிட முக்கியமானது: குடிக்கவும் குளிக்கவும் பயன்படும் நீருக்குள் 230 வோல்ட் வயரைத் தொங்கவிடுவது உயிருக்கு ஆபத்தானது. வயரின் உறையில் ஒரு சிறு கீறல் விழுந்தாலே போதும். ஆகவே மிதவை தகவல் மட்டும் சொல்லட்டும். அதுவும் 24 வோல்ட் டிசி மின்னழுத்தத்தில் சொல்லட்டும்.

ஒரு மிதவை ஏன் போதாது

ஒரே மிதவையைக் குட்டையான வயரில் கட்டினால், மோட்டார் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே சுமார் 10 செ.மீ. இடைவெளிதான் கிடைக்கும். நம் தொட்டியின் உள்விட்டம் 1.1 மீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு செ.மீ. உயரத்திலும் ஏறத்தாழ 9.5 லிட்டர் நீர் இருக்கும், 10 செ.மீ. என்பது 95 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றுகிறது, அதே நேரத்தில் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் நிமிடத்துக்கு 25 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஓடும்போது தொட்டியில் சேர்வது நிமிடத்துக்கு 15 லிட்டர். ஆகவே 95 லிட்டர் சேர ஆறு நிமிடங்களுக்கு மேல் ஆகும், மோட்டார் நின்றபின் அது தீர நான்கு நிமிடங்கள்கூட ஆகாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மோட்டார் புறப்படும். மூன்று மணி நேரப் பாசனத்தில் பதினெட்டு முறை. ஒவ்வொரு புறப்பாட்டிலும் மோட்டாரின் சுருள் சூடாகிறது, ஸ்டார்டர் பெட்டியில் உள்ள கப்பாசிட்டர் அடி வாங்குகிறது.

இடைவெளியை 60 செ.மீ. ஆக்கினால் கணக்கு மாறிவிடும். 570 லிட்டர் சேர 38 நிமிடம், தீர 23 நிமிடம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு புறப்பாடு. ஒரே மிதவையின் வயரை நீளமாக விட்டும் இந்த இடைவெளியைப் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் மிதவை கட்டிய இடத்திலிருந்து வெகுதூரம் வீசி ஆடும், 1.1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் சுவரிலோ குழாயிலோ சிக்கிக்கொள்ளும். எனவே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மிதவைகளை வைப்பதே சரியான வழி என்பது என் முடிவு.

இணைப்பின் அமைப்பு

கட்டுப்பாட்டுப் பெட்டியில் நான்கு பொருள்கள் வேண்டும்: 24 வோல்ட் டிசி தரும் சிறிய மின்வழங்கி, இரண்டு ஜோடித் தொடுமுனைகள் கொண்ட 24 வோல்ட் ரிலே, மோட்டாரின் மின்சாரத்தைச் சுமக்கும் கான்டாக்டர், கையால் அழுத்தும் ஒரு பொத்தான். கான்டாக்டரை மோட்டாருக்கென்று குறிக்கும் ஏசி-3 பிரிவில் 12 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். தொட்டியிலிருந்து பெட்டிக்கு மூன்று வயர்கள் போதும். நான்காவது ஒன்றைக் கூடுதலாக இழுத்து வைத்தால் பிற்காலத்தில் உதவும்.

அந்த மூன்று வயர்களையும் அ, ஆ, இ என்று அழைப்போம். மின்வழங்கியின் நேர்முனையிலிருந்து புறப்படும் அ வயர் மேல் மிதவைக்குச் செல்கிறது. மேல் மிதவையின் மறுமுனையும் கீழ் மிதவையின் ஒரு முனையும் சேரும் இடத்திலிருந்து ஆ வயர் பெட்டிக்குத் திரும்புகிறது. கீழ் மிதவையின் மறுமுனையிலிருந்து இ வயர் திரும்புகிறது. பெட்டிக்குள் இ வயர் ரிலே சுருளின் ஒரு முனையில் சேர்கிறது. சுருளின் மறுமுனை மின்வழங்கியின் எதிர்முனைக்குப் போகிறது. ரிலேயின் முதல் ஜோடித் தொடுமுனையை, அதாவது ரிலே இழுக்கும்போது மூடுகிற ஜோடியை, ஆ-வுக்கும் இ-க்கும் இடையே இணைக்க வேண்டும். கைப் பொத்தானையும் அதே ஆ, இ-க்கு இடையே இணைக்க வேண்டும். ரிலேயின் இரண்டாம் ஜோடி கான்டாக்டரின் சுருளை இயக்கும். ரிலே சுருளின் குறுக்கே ஒரு டையோடை, அதன் கோடு போட்ட முனை நேர்முனைப் பக்கம் இருக்குமாறு வைத்தால், மிதவைகளின் தொடுமுனையில் தீப்பொறி குறையும்.

இப்போது நீரோடு சேர்ந்து இந்தச் சுற்றை ஒரு முறை நடந்து பார்ப்போம். தொட்டி நிரம்பியிருக்கும்போது இரண்டு மிதவைகளும் எழுந்து நிற்கின்றன; இரண்டும் திறந்திருப்பதால் ரிலே ஓய்கிறது. நீர் சற்று இறங்கியதும் மேல் மிதவை தொங்கி மூடிக்கொள்கிறது, ஆனால் கீழ் மிதவை இன்னும் திறந்திருப்பதால் எதுவும் நடப்பதில்லை. நீர் கீழ் மட்டத்துக்கு இறங்கியதும் கீழ் மிதவையும் மூடுகிறது. ரிலே இழுக்கிறது, மோட்டார் ஓடுகிறது. நீர் ஏறத் தொடங்கியதும் கீழ் மிதவை திறந்துவிடும். ஆயினும் ரிலேயின் சொந்தத் தொடுமுனை ஆ-வையும் இ-யையும் பிணைத்து வைத்திருப்பதால் மோட்டார் தொடர்ந்து ஓடுகிறது. நீர் மேல் மட்டத்தைத் தொட்டு மேல் மிதவை திறக்கும்போதுதான் பிணைப்பு அறுகிறது, மோட்டார் நிற்கிறது. தொட்டிக்குச் செல்லும் வயர்களில் அ அல்லது ஆ எங்காவது அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். இ அறுந்தால் தானாகப் புறப்படாது. வயர் பழுதால் தொட்டி வழிவதைவிட மோட்டார் ஓடாமலிருப்பது நல்லது என்பதால்தான் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனினும் வயர்கள் ஒன்றோடொன்று உரசி இணைந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எனவே தொட்டியின் வழிவுக் குழாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது, அது உள்வரும் குழாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

இந்தச் சுற்றின் ஒரு குணத்தைப் புதியவர்கள் பழுதென்று நினைத்துக் குழம்புவார்கள். நீர் பாதி ஏறியிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் ரிலேயின் பிணைப்பு அறுந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் நீர் இரண்டு மட்டங்களுக்கும் நடுவில் இருப்பதால் மோட்டார் ஓடாது; நீர் கீழ் மட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருக்கும். கைப் பொத்தான் இதற்காகவே இருக்கிறது: அதை ஒரு கணம் அழுத்தினால் ரிலே பிணைந்துகொண்டு தொட்டி முழுவதும் நிரம்பும், பிறகு வழக்கம்போல் தானாக நிற்கும். மின்சாரம் அடிக்கடி தடைபடும் இடத்தில் கீழ் மிதவையைச் சற்று உயர்த்தி வைப்பதும் நல்லது.

ஸ்டார்டர் பெட்டியை முதலில் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. இப்போது மோட்டாரை எப்படி ஓட வைக்கிறீர்கள்? சுவிட்சைப் போட்டவுடன் அது தானே ஓடத் தொடங்கினால், கான்டாக்டரை ஸ்டார்டர் பெட்டிக்கு முன்னால் வைத்து, பெட்டிக்குச் செல்லும் மின்சாரத்தை இயக்கி நிறுத்தலாம். ஆனால் பச்சைப் பொத்தானை இரண்டு மூன்று விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் மோட்டார் புறப்படுகிறது என்றால், அந்தப் பெட்டியில் புறப்பாட்டுக் கப்பாசிட்டரை உங்கள் விரல்தான் இணைத்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய பெட்டிக்கு முன்னால் கான்டாக்டரை வைத்தால், ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் பாயும், மோட்டார் சுழலாமல் முனகிக்கொண்டே சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் விழாவிட்டால் சுருள் எரிந்துவிடும். அதற்குப் புறப்பாட்டுக் கப்பாசிட்டரைத் தானே இணைத்துத் தானே விலக்கும் பெட்டியாக மாற்றிக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

230 வோல்ட் பக்கத்து வேலைகளை, அதாவது கான்டாக்டர், பாதுகாப்பு சுவிட்ச், நிலஇணைப்பு ஆகியவற்றை, தகுதியுள்ள எலெக்ட்ரீசியன் ஒருவரிடம் ஒப்படையுங்கள். 24 வோல்ட் வயர்கள் பெட்டிக்குள் அந்த வயர்களோடு ஒரே கட்டாகக் கட்டப்படாமல் தனித்தே செல்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்வெல் வற்றினால்?

மேலே உள்ள இரண்டு மிதவைகளுக்கும் தொட்டியைப் பற்றி மட்டுமே தெரியும்; கிணற்றில் நீர் இருக்கிறதா என்பது தெரியாது. நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள நீராலேயே குளிர்கிறது, பம்பின் தாங்கிகளும் நீராலேயே உராய்வின்றிச் சுழல்கின்றன. நீர் இல்லாமல் ஓடினால் குறுகிய நேரத்திலேயே சேதம் தொடங்கிவிடும். அப்படியென்றால் கிணற்றுக்குள்ளும் ஒரு மிதவையைத் தொங்கவிடலாமே என்று தோன்றும். அது நடக்காது. துளையின் அகலம் 10 முதல் 15 செ.மீ. வரைதான் இருக்கும், அதிலும் ஏற்றுக் குழாயும் மோட்டார் வயரும் போக மிச்சமுள்ள இடத்தில் மிதவை சாய்ந்து எழவே முடியாது, குழாயோடு பின்னிக்கொள்ளும்.

கிணற்றுக்கு ஏற்றவை உலோக முனைகள். பொதுவான முனை ஒன்றை எல்லாவற்றிலும் ஆழத்தில், பம்புக்குச் சற்று மேலே இறக்க வேண்டும். அதற்கு ஓரிரு மீட்டர் மேலே நிறுத்தும் முனை. அதற்கும் பல மீட்டர் மேலே மீண்டும் ஓட அனுமதிக்கும் முனை. இவை ஒரு நீர்மட்ட ரிலேயோடு இணைகின்றன; அது முனைகளுக்குக் குறைந்த மின்னழுத்தமுள்ள ஏசியையே தருவதால் முனைகள் விரைவில் அரிப்பதில்லை. நீர் நிறுத்தும் முனையைவிட்டு இறங்கினால் ரிலே விடுபடும். ஊற்று சுரந்து மேல்முனையைத் தொட்டால்தான் மறுபடி இழுக்கும். முனைகளை இறக்க வசதியில்லாத கிணற்றில், மோட்டாரின் மின்னோட்டம் குறைவதைக் கொண்டு வறட்சியை அறியும் கருவியும் உண்டு. ஆனால் சிங்கிள் ஃபேஸ் மோட்டார்களில் அந்தக் குறைவு சில நேரங்களில் மிகச் சிறிதாகவே இருக்கும்; ஆகவே கிளாம்ப் மீட்டரால் அளந்து பார்க்காமல் அதன் அளவை நிர்ணயிக்கக் கூடாது.

நீர்மட்ட ரிலேயின் தொடுமுனையை எங்கே இணைப்பது என்பதில் கவனம் வேண்டும். அதை 24 வோல்ட் பக்கத்தில் மிதவைகளோடு வரிசையாக இணைத்தால், கிணறு ஒரு முறை வற்றியவுடன் பிணைப்பு அறுந்துவிடும். பிறகு நீர் ஊறினாலும் யாராவது வந்து பொத்தானை அழுத்த வேண்டும். அதைக் கான்டாக்டர் சுருளின் பாதையில் இணைத்தால், தொட்டி நிரம்ப வேண்டும் என்ற நினைவு மிதவைகளின் 24 வோல்ட் ரிலேயில் அப்படியே இருக்கும். கிணறு ஊற ஊற மோட்டார் இடைவெளிவிட்டு ஓடித் தொட்டியை நிரப்பிவிடும். சுரப்புக் குறைந்த போர்வெல்லுக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய வேறுபாட்டைத் தரும்.

பொருத்துதல்

நம் தொட்டியில் அடியிலிருந்து வழிவுக் குழாயின் கீழ்விளிம்பு வரை 105 செ.மீ. உயரம் இருக்கிறது, வெளியேறும் குழாய் 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். மேல் மிதவை 95 செ.மீ. உயரத்தில் திறக்க வேண்டும், கீழ் மிதவை 35 செ.மீ. உயரத்தில் மூட வேண்டும். அப்போது மின்சாரம் இல்லாத நேரத்திலும் வெளியேறும் குழாய்க்கு மேல் 30 செ.மீ., அதாவது ஏறத்தாழ 285 லிட்டர் கையிருப்பில் இருக்கும்.

தொட்டிக்குள் ஒரு பிவிசி குழாயைச் செங்குத்தாக அசையாமல் நிறுத்தி, மிதவைகளின் வயர்களை அதில் கட்டுவது எனக்குப் பிடித்த முறை. வயரில் கோத்துத் தொங்கவிடும் எடையைவிட இது நிலையாக நிற்கும். கட்டிய இடத்திலிருந்து மிதவை வரை 10 முதல் 15 செ.மீ. வயரை விட்டு, இரண்டு மிதவைகளையும் குழாயின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஆடவிடுங்கள். உள்வரும் நீர் மிதவையின் மேல் விழக் கூடாது. விழுந்தால் மேல்மட்டத்தில் அது குலுங்கித் தொட்டி நிரம்பும் முன்பே மோட்டாரை நிறுத்திவிடும். வயர் இணைப்பு எதுவும் தொட்டிக்குள் இருக்கக் கூடாது. மூடியின் ஓரத்தில் வயர்களை வெளியே எடுத்து, தொட்டியின் வெளிப்புறத்தில் வைத்த நீர்புகா ஜங்ஷன் பெட்டியில் இணையுங்கள். வயர்கள் பெட்டிக்குள் அடிப்பக்கத்திலிருந்து நுழைந்தால் மழைநீர் வயர் வழியாக உள்ளே வழியாது.

மோட்டாரை இணைக்கும் முன், ரிலே வரை மட்டும் மின்சாரம் கொடுத்துக் கையால் சோதியுங்கள். இரண்டு மிதவைகளையும் தொங்கவிட்டால் ரிலே 'டக்' என்று இழுக்க வேண்டும். கீழ் மிதவையைத் தூக்கினால் இழுத்தபடியே இருக்க வேண்டும். மேல் மிதவையையும் தூக்கினால் விடுபட வேண்டும். பிறகு மேல் மிதவையை மட்டும் தொங்கவிட்டால் அசையாமல் இருக்க வேண்டும். இந்த நான்கும் சரியாக நடந்தபின் மோட்டாரை இணைத்து, முதல் முறை நிரம்பி நிற்கும்வரை தொட்டியருகே நின்று பாருங்கள்; நிரம்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்தும் வையுங்கள். கீழ் மட்டத்திலிருந்து நிரம்ப, நீர் எடுக்காமல் இருந்தால் நம் தொட்டிக்கு 14 நிமிடங்களுக்குச் சற்று மேலும், பாசனம் நடக்கும்போது 38 நிமிடங்களும் ஆகும். ஆகவே கான்டாக்டர் பாதையில் 60 நிமிட டைமர் ஒன்றையும் சேர்த்து, அந்த நேரத்துக்குமேல் தொடர்ச்சியாக ஓடினால் நிறுத்திப் பூட்டிவிடச் செய்தால், உடைந்த குழாய் வழியாக இரவெல்லாம் நீர் வீணாவதும் தடுக்கப்படும்.

கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

பழுது வந்தால் தொட்டியின் மேல் ஏறுவதற்கு முன்பே கீழிருந்து பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். தொட்டி காலியாகியும் மோட்டார் ஓடவில்லை என்றால் பொத்தானை அழுத்துங்கள். ரிலே இழுத்து மோட்டார் ஓடினால், கீழ் மிதவை எழுந்த நிலையில் சிக்கியிருக்கிறது அல்லது இ வயர் அறுந்திருக்கிறது. பொத்தானுக்கும் ரிலே அசையவில்லை என்றால் மேல் மிதவை, அ வயர், அல்லது மின்வழங்கியைச் சந்தேகிக்க வேண்டும். ரிலே இழுத்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் கிணற்றின் நீர்மட்ட ரிலேயையும் டைமரையும் பாருங்கள்.

முன்பு ஒரு மணிக்கு ஒரு முறை ஓடிய மோட்டார் திடீரென்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஓடத் தொடங்கினால், கீழ் மிதவைக்குள் நீர் புகுந்து அது மூழ்கியிருக்கக்கூடும். மூழ்கிய மிதவை எப்போதும் மூடியே இருப்பதால், மேல் மிதவை மட்டும் தனியே வேலை செய்து குறுகிய இடைவெளியில் மோட்டாரை இயக்குகிறது. அதே பழுது மேல் மிதவைக்கு வந்தால் தொட்டி வழியும். மிதவையை வெளியே எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்கும். சில மிதவைகளுக்குள் உலோக உருண்டை இருப்பதால் அதன் உருளும் ஓசையை நீரோசை என்று தவறாக எண்ண வேண்டாம். நீர் புகுந்த மிதவையைப் பிளந்து பசை போட்டு ஒட்ட முயலாமல் புதியதை மாற்றுங்கள்.

ரிலே விடுபட்டும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் கான்டாக்டரின் தொடுமுனைகள் உருகி ஒட்டிவிட்டன என்று பொருள். அப்போது எந்த மிதவையாலும், டைமராலும், கிணற்று முனைகளாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, கான்டாக்டரை மாற்றிய பிறகே மீண்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.